டிப்ளமோ முடிக்கவில்லை என்பதை ஹெச்.ஆரிடம் எப்படிச் சொல்வது?

வாசகர் கடிதம்

ஐயா, எனக்கு வயது 31. ஊர் கோவை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் சேர்ந்தேன். கடைசி ஆண்டில் அப்பாவுக்கு விபத்து ஏற்பட்டதால் படிப்பு நின்றுவிட்டது. நான்கு அரியர் இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்த ஒரு பட்டறையில் நான்கு வருடம் இருந்தேன். இப்போது நாற்பத்தைந்து பேர் உள்ள பட்டறையில் ஆறு வருடமாக சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன். விஎம்சிக்கு ப்ரோகிராம் போடுவது, ஜாப் செட் செய்வது எல்லாம் நான்தான். ஒரு அலுமினிய ஹவுசிங் வேலைக்கு செட்டிங் நேரத்தை இரண்டேகால் மணியிலிருந்து ஐம்பது நிமிடமாகக் குறைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு கன்சல்டன்சியிலிருந்து பேசிய மேடம் முதலில் படிப்பைக் கேட்டார். "டிப்ளமோ டிஸ்கன்டினியூ" என்றதும் "பிறகு கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த புதன்கிழமை ஒரு பெரிய கம்பெனியின் ஹெச்.ஆரே பேசப்போகிறார். "டிப்ளமோ முடித்ததாகப் போடு, யாரும் பார்ப்பதில்லை" என்கிறான் நண்பன். ஐஎஸ்ஓ கம்பெனியில் டிப்ளமோ இல்லாமல் எடுக்கவே மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். நான் செய்த பாகங்களின் படங்களும் ப்ரோகிராம்களும் பென் டிரைவில் இருக்கின்றன, காட்டலாமா? என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

ஆலோசனை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் தடுத்து நிறுத்தியது, நீங்கள் உங்களை 'சிஎன்சி ஆபரேட்டர்' என்று எழுதியிருப்பது. பொறியியல் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஒரு சொல்லால் நீங்கள் இழப்பது, முடிக்காத டிப்ளமோவால் இழப்பதைவிட அதிகமாக இருக்கலாம். ஆள் எடுப்பவர்களின் கணக்கில் ஆபரேட்டர் என்பவர் பாகத்தை ஏற்றி, ஓட்டி, அளந்து, டூல் தேய்ந்தால் ஆஃப்செட்டைத் திருத்துபவர். ஃபிக்சரை மேசையில் ஏற்றி, டயல் வைத்து நேர்பார்த்து, G54 எடுத்து, டூல் நீளங்களைப் பதிந்து, முதல் பீஸைச் சரியாக இறக்குபவர் செட்டர். ட்ராயிங்கைப் பார்த்து எந்த முகத்தை முதலில் வெட்டுவது, எந்த டூல், எந்த வரிசை என்று முடிவுசெய்து ப்ரோகிராம் எழுதுபவர் ப்ரோகிராமர். பிந்தைய இரண்டையும் ஆறு ஆண்டுகளாகச் செய்துகொண்டு முதலாவதன் பெயரை நீங்கள் சூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சிறிய பட்டறைகளில் எல்லோரையும் ஆபரேட்டர் என்றே அழைப்பதால் வந்த பழக்கம் இது. புதன்கிழமைக்குள் இதை விட்டுவிடுங்கள். நீங்கள் 'விஎம்சி செட்டர் – ப்ரோகிராமர்'. சம்பளச் சீட்டில் வேறு பதவிப்பெயர் இருந்தால், "சீட்டில் ஆபரேட்டர் என்று இருக்கும், செய்யும் வேலை இது" என்று சேர்த்துச் சொல்லிவிடுவது போதும்.

அந்த அழைப்பு ஏன் அப்படி முடிந்தது

உங்களிடம் பேசிய கன்சல்டன்சி அலுவலர் உங்கள் திறமையை எடைபோட்டு நிராகரித்தார் என்று எண்ண வேண்டாம். எடைபோடும் இடத்தில் அவர் இல்லை. அவர் முன்னால் நிறுவனம் அனுப்பிய 'ஜேடி' எனப்படும் பணி விவரத்தாளும், ஒரு எக்செல் பட்டியலும் இருந்திருக்கும். பட்டியலில் பெயர், படிப்பு, அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், எத்தனை நாளில் வேலையில் சேர முடியும் என்ற கட்டங்கள் இருக்கும். நீங்கள் சொன்ன முதல் தகவல் 'டிஸ்கன்டினியூ'. அந்தச் சொல் படிப்புக் கட்டத்தில் போய் உட்கார்ந்ததும், பக்கத்துக் கட்டங்களை நிரப்பும் ஆர்வம் அவருக்குப் போய்விட்டது.

கன்சல்டன்சிக்குப் பணம் கிடைப்பது, அவர் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம், பரவலாக வழக்கத்தில் உள்ள கட்டணம். சேர்ந்தவர் சில மாதங்களில் நின்றுவிட்டால் கட்டணமில்லாமல் வேறு ஆள் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் உண்டு. ஆகவே, ஜேடியோடு பொருந்தாத ஒருவரை நிறுவனத்துக்கு அனுப்பி, "நாங்கள் கேட்டது என்ன, நீங்கள் அனுப்பியது என்ன" என்ற பேச்சு வாங்குவதைவிட, அழைப்பை முடித்துக்கொள்வது அவருக்கு எளிது. நிறுவனத்தின் சொந்த ஹெச்.ஆர். அலுவலருக்கு இந்த நெருக்கடி சற்றுக் குறைவு. அவருக்கு ப்ரொடக்‌ஷன் மேனேஜர் பக்கத்துக் கட்டிடத்தில் இருப்பார், "டிப்ளமோ இல்லை, ஆனால் இப்படி ஒரு ஆள் இருக்கிறார், பார்க்கிறீர்களா?" என்று அவரால் கேட்க முடியும். கேட்பாரா என்பது, கேட்பதற்கான வாசகத்தை நீங்கள் அவர் கையில் கொடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. ஹவுசிங், போர், டாலரன்ஸ் ஆகியவை அவருக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் அப்படியே குறித்துக்கொண்டு, புரிந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அறிமுகம் என்று நீங்கள் பேசப்போவது உண்மையில் அந்த மேனேஜருக்கான செய்தி.

படிப்பைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம்

படிப்பை மறைப்பதா, முதலிலேயே சொல்வதா என்ற இரண்டுக்கு நடுவில்தான் பலரும் தவிக்கிறார்கள். என் கருத்தில் அதை அழைப்பு முடிவதற்குள் நீங்களே சொல்ல வேண்டும். ஆனால் முதல் வாக்கியமாகவும் கடைசி வாக்கியமாகவும் சொல்லக் கூடாது. வேலையைப் பற்றி நான்கு வாக்கியங்கள் சொன்ன பிறகு, குரலைத் தாழ்த்தாமல், காரணக்கதை இல்லாமல், ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். அப்பாவின் விபத்தை அங்கே சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் சொல்லலாம், கேட்காமல் சொன்னால், எதிரில் இருப்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார், பேச்சு அங்கிருந்து திரும்பி வராது.

அந்த வாக்கியத்தில் சொல் துல்லியமாக இருக்க வேண்டும். நம் ஊரில் "டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சேன் சார்" என்று ஒருவர் சொன்னால், அவர் முடித்தவரா, இடையில் நின்றவரா என்பது கேட்பவர் காதில் தெளிவாக விழாது. நான் ஒருமுறை இதில் விழுந்திருக்கிறேன். 'படிச்சேன்' என்று சொன்ன ஒருவரை, முடித்தவர் என்று நானாகவே எழுதிக்கொண்டு, இரண்டு சுற்று நேர்காணல்களுக்கும் அனுப்பிவிட்டேன். சான்றிதழ் கேட்ட அன்று அவர் நிமிர்ந்து, "நான் முடிச்சேன்னு சொல்லவே இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை, தவறு என்னுடையது. ஆனால் வேலை போனது அவருக்கு. ஆகவே 'முடித்தது' எது, 'முடிக்காதது' எது என்ற இரண்டையும் சொல்லுங்கள்: "பன்னிரண்டாவது முடித்திருக்கிறேன், மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி ஆண்டில் நின்றது, முடிக்கவில்லை." விண்ணப்பப் படிவத்திலும் 'அதிகபட்சக் கல்வித்தகுதி' என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பையே எழுதி, பாலிடெக்னிக் படிப்பைத் தனி வரியில், படித்த ஆண்டுகளுடன், 'முழுமை பெறவில்லை' என்று குறிப்பிடுங்கள். அந்தப் படிப்பையே அழித்துவிடவும் வேண்டாம். ட்ராயிங் படிக்க நீங்கள் எங்கே கற்றீர்கள் என்பதற்கு அது பதில்.

நண்பர் சொல்லும் வழியைப் பற்றி. யாரும் பார்ப்பதில்லை என்பது சிறிய பட்டறைகளுக்குப் பொருந்தலாம். நீங்கள் போகவிருக்கும் அளவுள்ள நிறுவனங்களில், வேலையில் சேரும் நாளில் அசல் சான்றிதழைக் கேட்பதும், பின்னணிச் சரிபார்ப்பை வெளி முகமையிடம் ஒப்படைப்பதும் சாதாரணம். ரெஸ்யூமில் எழுதிய ஒரு வரி அன்றைக்கு உங்களை இரண்டே வழிகளுக்குள் நிறுத்தும்: பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது, அல்லது சான்றிதழ் ஒன்றைத் தயாரிப்பது. முதலாவது வேலையோடு போகும்; நியமன ஆணைகளில் 'அளித்த தகவல் தவறெனத் தெரிந்தால் எந்த நேரத்திலும் பணிநீக்கம்' என்ற வரி வழக்கமாக இருக்கும், எட்டு ஆண்டுகள் கழித்துக்கூட அதைப் பயன்படுத்தலாம். இரண்டாவது குற்றவழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318ஆம் பிரிவும், போலி ஆவணம் உருவாக்குவதற்கு 336ஆம் பிரிவும், போலியை அசலெனப் பயன்படுத்துவதற்கு 340ஆம் பிரிவும் இருக்கின்றன. பத்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பெயரை அந்த ஒரு வரியில் பணயம் வைக்க வேண்டாம்.

ஐஎஸ்ஓ பற்றி உங்களிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 7.2ஆம் பகுதி, பணியாளர் தகுதியானவராக இருப்பதைக் கல்வி, பயிற்சி 'அல்லது' அனுபவத்தின் அடிப்படையில் நிறுவனம் உறுதிசெய்து, அதற்கான ஆவணத்தை வைத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. மூன்றும் வேண்டும் என்று அதில் இல்லை. டிப்ளமோ கட்டாயம் என்பது அந்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட விதியாக இருக்கலாம். வகுத்தவர்களால் தளர்த்தவும் முடியும். இதை ஹெச்.ஆரிடம் வாதமாக எடுத்து வைக்காதீர்கள், அவருக்குப் பாடம் எடுப்பது போல் ஆகிவிடும். "டிப்ளமோ கட்டாயமா, இணையான அனுபவத்தை ஏற்பார்களா?" என்று கேட்பதற்கான துணிவை இது உங்களுக்குத் தந்தால் போதும். அரசுத்துறை, பொதுத்துறை அறிவிக்கைகள் வேறு. அங்கே அறிவிக்கையில் உள்ள தகுதி இல்லையென்றால் எவ்வளவு நல்ல அறிமுகமும் செல்லாது.

புதன்கிழமை பேசவேண்டியது

எழுதி வைத்துப் படிக்க வேண்டாம், ஆனால் நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். பேச்சுநடையிலேயே தருகிறேன்:

"வணக்கம் மேடம். நான் விஎம்சி செட்டர், ப்ரோகிராமரா ஆறு வருஷமா இருக்கேன். அதுக்கு முன்னாடி நாலு வருஷம் வேற ஒரு பட்டறையில. ட்ராயிங் வந்ததுல இருந்து, ப்ரோகிராம் எழுதி, ஃபிக்சர் செட் பண்ணி, முதல் பீஸ் குவாலிட்டியில ஓகே ஆகுற வரைக்கும் என் பொறுப்பு. இப்ப பண்ற முக்கியமான வேலை ஒரு அலுமினிய ஹவுசிங். அதுல 52 எச்7 போர், முப்பது மைக்ரான் டாலரன்ஸ். அந்த ஜாபோட செட்டிங் நேரத்தை ரெண்டேகால் மணியில இருந்து ஐம்பது நிமிஷத்துக்குக் கொண்டுவந்தேன். ஃபானுக் கன்ட்ரோல் தனியா பண்ணுவேன். சீமென்ஸ் பார்த்திருக்கேன், தனியா ப்ரோகிராம் எழுதினதில்லை. படிப்பு பன்னிரண்டாவது முடிச்சிருக்கேன். மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருஷத்துல நின்னுடுச்சு, முடிக்கலை. உங்க ஜேடியில டிப்ளமோ கட்டாயமா, இல்ல அனுபவத்தை வெச்சுப் பார்ப்பாங்களான்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்? ஒரு ட்ராயிங் குடுத்தா உங்க ஷாப் ஃப்ளோர்லயே செட் பண்ணிக் காட்டுறேன்."

கன்ட்ரோல் பெயர்களையும் போரின் அளவையும் நான் ஊகித்து வைத்திருக்கிறேன். உங்கள் உண்மைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'சீமென்ஸ் தனியாக எழுதியதில்லை' என்ற வாக்கியத்தைப் போன்ற ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தெரியாததைத் தானே சொல்பவர், தெரியும் என்று சொன்னதையும் நம்பலாம் என்று மேனேஜர்கள் நினைப்பார்கள். அடுத்து வரும் படிப்பு வாக்கியத்துக்கும் அது வழிசெய்து கொடுக்கிறது: ஒரு குறையைச் சமநிலையோடு சொன்ன குரல்தான் இன்னொன்றையும் சொல்கிறது. படிப்பு வாக்கியத்துக்குப் பின் கேள்வி ஒன்றை வைத்திருப்பதும் திட்டமிட்டதுதான். அங்கே நிறுத்தினால் மௌனம் விழும், அந்த மௌனத்தில் "பிறகு கூப்பிடுகிறேன்" என்பதே வாய்க்கு எளிதாக வரும். கேள்வி இருந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும்; 'கட்டாயம்' என்றால் இருவருக்கும் நேரம் மிச்சம், 'மேனேஜரிடம் கேட்கிறேன்' என்றால் என்றைக்குக் கூப்பிடலாம் என்று நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இதே தகவல்களை ஐந்து வரிகளில் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடுங்கள். அவர் அதை அப்படியே மேனேஜருக்கு அனுப்புவார். இல்லாவிட்டால் உங்களைப் பற்றி அவர் தம் சொந்த வார்த்தைகளில் சொல்ல நேரும். அவற்றில் 52 எச்7 இருக்காது, 'டிப்ளமோ இல்லை' மட்டும் இருக்கும்.

எண் சொன்னால், அதன் பின்னால் நிற்க வேண்டும்

ஹெச்.ஆர். ஏற்றுக்கொண்டு மேனேஜரிடம் பேச்சு போகும்போது, நீங்கள் சொன்ன இரண்டு எண்களையும் அவர் சோதிப்பார். பட்டம் இல்லாதவரிடம் இந்தச் சோதனை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதில் குறைபட ஒன்றுமில்லை; உங்களுக்கு வசதியான களம் அதுதான்.

'ஐம்பது நிமிடம்' என்றால் எதிலிருந்து எதுவரை என்று கேட்பார். செட்டிங் நேரம் என்பது முந்தைய ஜாபின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய ஜாபின் முதல் நல்ல பீஸ் வரையுள்ள நேரம். ஃபிக்சரை மேசையில் ஏற்றியதிலிருந்து கணக்கிட்டிருந்தீர்கள் என்றால் உங்கள் எண் குறைவாகத் தெரியும். அவர் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே இந்த வாரத்தில் ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். அறுபத்தைந்து வந்தால் அறுபத்தைந்து என்றே சொல்லுங்கள். அடுத்து, எப்படிக் குறைந்தது என்பார். அடித்தட்டில் டவல் பின் வைத்து ஃபிக்சர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்படி செய்தீர்களா, அதனால் G54ஐப் புதிதாகத் தேடாமல் சரிபார்த்தால் மட்டும் போதும் என்று ஆனதா, டூல்களை ஹோல்டரிலேயே நீளம் அளந்து தனியாக வைத்திருக்கிறீர்களா, இவற்றில் எது எத்தனை நிமிடத்தை மிச்சப்படுத்தியது? செய்தவருக்கு மட்டுமே இந்தப் பிரிப்பு தெரியும். அதனால்தான் கேட்பார்.

போர் பற்றியும் அப்படியே. 52 மில்லிமீட்டர் எச்7 என்றால் 52.000க்கும் 52.030க்கும் இடையில் நிற்க வேண்டும். எதை வைத்து அளக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வெர்னியர் என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. சாதாரண வெர்னியரின் மிகச் சிறிய அளவே இருபது மைக்ரான். மைக்ரான் டயல் பொருத்திய போர் கேஜ், அதை எந்த மாஸ்டர் ரிங்கில் ஜீரோ செய்கிறீர்கள், எத்தனை பீஸுக்கு ஒருமுறை சரிபார்க்கிறீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். வெட்டி முடித்த சூட்டோடு அளந்து ஓகே செய்த பீஸ், ஆறிய பிறகு ஏன் சின்னதாகிறது என்று கேட்டால், அதைத்தான் நல்ல கேள்வி என்று நான் சொல்வேன். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். 52 மில்லிமீட்டருக்கு அது டிகிரிக்கு 1.2 மைக்ரான். பீஸ் பத்து டிகிரி சூடாக இருந்தால் பன்னிரண்டு மைக்ரான் பெரிதாகக் காட்டும். முப்பதில் பன்னிரண்டு என்பது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பட்டறையில் இதை நீங்கள் கைப்பழக்கமாகச் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள். காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால், 'தியரி தெரியாத கைவேலைக்காரர்' என்ற ஐயம் நீங்கும். டிப்ளமோ இல்லாதவர் மீது மேனேஜர்களுக்கு உண்மையில் இருக்கும் ஐயம் இதுதான். சான்றிதழ்த் தாளைப் பற்றி அவர்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

இனி பென் டிரைவ். தயவுசெய்து அதை எடுத்துச் செல்லாதீர்கள். அந்த ட்ராயிங்குகள் உங்கள் முதலாளியுடையவையும் அல்ல, பெரும்பாலும் அவருடைய வாடிக்கையாளர்களுடையவை. ப்ரோகிராம்களை நீங்களே எழுதியிருந்தாலும் அவை உங்கள் சொத்து அல்ல. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். எதிரில் இருக்கும் மேனேஜர், 'நாளைக்கு நம் ட்ராயிங்கும் இப்படித்தான் வெளியே போகும்' என்று நினைப்பார். வாயில்காவலிலேயே பென் டிரைவை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. வாடிக்கையாளர் பெயரையும் சொல்லாமல் 'ஒரு அலுமினிய ஹவுசிங்' என்று மட்டும் சொன்னாலே, ரகசியம் காப்பவர் என்ற எண்ணம் சொல்லாமல் உருவாகும். உங்கள் கையைக் காட்டுவதற்கு உள்ள சரியான வழி ட்ரயல். அரை நாளோ ஒரு நாளோ அவர்கள் தரும் ட்ராயிங்கில் வேலை செய்து காட்டுங்கள். அதற்குமேல் சம்பளமில்லாமல் நாள்கணக்கில் ஓட்டச் சொன்னால் மறுத்துவிடலாம். நீங்கள் அவர்கள் பதிவேட்டில் இல்லாத அந்த நாட்களில் கைவிரலில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பது பெரிய தலைவலியாகிவிடும்.

பத்து ஆண்டுகளைத் தாளில் நிறுவுவது

பட்டம் இருப்பவருக்குச் சான்றிதழ் பேசும். உங்களுக்கு அனுபவச் சான்றுதான் பேச வேண்டும். அதில் இரண்டு ஓட்டைகள் இருக்க வாய்ப்புள்ளது.

ஹெச்.ஆர். உங்கள் யுஏஎன் எண்ணைக் கேட்டு, பி.எஃப். பணிவரலாற்றில் சேர்ந்த தேதியைப் பார்ப்பார். முதல் பட்டறையில் பி.எஃப். இருந்திராது, இருபது பேருக்குக் குறைந்த இடத்துக்குப் பொதுவாக அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே அந்த நான்கு ஆண்டுகள் பதிவில் காணாமல் இருக்கும். "பன்னிரண்டு பேர் உள்ள பட்டறை, பி.எஃப். கிடையாது" என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னால் அது விளக்கம்; அவர் கண்டுபிடித்த பிறகு சொன்னால் சமாளிப்பு போல் ஒலிக்கும். பத்துப் பேர் இருந்தாலே இஎஸ்ஐ வரும் என்பதால், பழைய இஎஸ்ஐ அட்டை வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பழைய முதலாளியிடம் நேரில் போய், கடிதத்தாளில் சேர்ந்த மாதம், விலகிய மாதம், ஓட்டிய இயந்திரங்கள், செய்த வேலை ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். 'நன்னடத்தை உள்ளவர், வாழ்த்துகிறோம்' என்ற வழக்கமான வாசகத்தால் உங்களுக்குப் பயன் ஒன்றுமில்லை. இப்போதைய பட்டறையிலும் பலர் சேர்ந்து சில மாதங்கள் கழித்தே பி.எஃப். தொடங்கியிருப்பார்கள். நீங்கள் ஆறு ஆண்டு என்று சொல்ல, பதிவில் ஐந்தேகால் என்று இருந்தால், அந்த வித்தியாசத்தையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். பணிவரலாறு உங்கள் யுஏஎன் கணக்கிலேயே தெரியும், இன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் ஒன்று வேண்டும் என்று தோன்றினால், குறுகிய கால மதிப்பீட்டின் பேரில் தரப்படும் 'முன்கற்றல் அங்கீகார'ச் சான்றைவிட, அகில இந்தியத் தொழில்தேர்வைத் தனித்தேர்வராக எழுதி மெஷினிஸ்ட் பிரிவில் தேசியத் தொழிற்சான்று பெறுவதையே நான் பரிந்துரைப்பேன். தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வழி இருக்கிறது. தமிழகத்தில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும்போது விண்ணப்பிக்க வேண்டும். விவரத்தை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள். இது டிப்ளமோவுக்கு ஈடாகாது. ஆனால் ஜேடியில் 'ஐடிஐ அல்லது டிப்ளமோ' என்றிருக்கும் இடங்களில் உங்களை உள்ளே கொண்டுவரும். நான்கு அரியர்களும் அப்படியே போய்விட்டன என்று கருத வேண்டாம். பழைய மாணவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. உங்கள் பதிவெண்ணுடன் பாலிடெக்னிக் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்து வையுங்கள். இவற்றில் எதுவும் நடக்கும் முன் "டிப்ளமோ முடிக்கப்போகிறேன்" என்று புதன்கிழமை சொல்லிவிடாதீர்கள். தேர்வுக்கட்டணம் கட்டிய ரசீது கையில் இருந்தால் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று, வேலை தருவதாகச் சொன்ன பிறகு கேட்கவேண்டியது. படிப்பைக் காரணம் காட்டிச் சில நிறுவனங்கள் உங்களை ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் சேர்க்கப் பார்க்கும்; செட்டர் வேலை, கான்ட்ராக்ட் சம்பளம். "ஆன்ரோலா, கான்ட்ராக்டா? எந்த கிரேடு? டிப்ளமோ இல்லாததால் அடுத்த கிரேடுக்குப் போவதில் தடை உண்டா?" என்ற மூன்றையும் இப்போதைய பட்டறையில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.